கடன் அடையும்வரை, பணம் கேட்கும் வேலை வேண்டாம்

கேள்வி: வங்கிக் கடனில் இன்னும் 9,000 வெள்ளி பாக்கி. மாதம் 420 கட்டுகிறேன். டெலிகிராமில் வீடியோவுக்கு 'லைக்' போடும் வேலை கிடைத்தது, முதல் நாளே 15 வெள்ளி வந்தது. இப்போது 200 வெள்ளி கட்டினால் பெரிய வேலை தருவார்களாம். கட்டலாமா? எனக்குத் தமிழ் நன்றாக வரும், வேறு வழி உண்டா? - தோ பாயோ வாசகி

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. அந்த 15 வெள்ளிதான் தூண்டில். 200 கட்டியதும் உங்கள் கணக்கில் லாபம் சேர்ந்ததாகத் திரையில் காட்டுவார்கள். எடுக்கப் போனால் வரி என்றும், பாதியில் நின்ற பணி என்றும் இன்னும் கேட்பார்கள். போட்டதை மீட்கக் கடன் வாங்கித் திரும்பப் போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய சேதம். அவர்களிடம் இனிப் பேசாதீர்கள். சந்தேகம் தீர வேண்டுமானால் 1799 ஸ்காம்ஷீல்டு எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ கமிஷனுக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது குற்றம். குறுஞ்செய்தியில் கடன் தருகிறோம் என்பவர்களையும் நம்ப வேண்டாம். உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்கள் அப்படி விளம்பரம் செய்ய அனுமதி இல்லை.

உங்களுக்குத் தமிழ் வருமே, துணைப்பாடம் எடுங்கள். முதலீடு எதுவும் வேண்டாம், பணம் உங்களிடம்தான் வரும். வீவக வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் சொல்லித்தர முடியாது. அதனால் மூன்று தொடக்கநிலை 4 பிள்ளைகளைச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் சேர்த்து உட்கார வையுங்கள். வாய்மொழித் தேர்வுக்கும் கட்டுரைக்கும்தான் பெற்றோர் அதிகம் தவிப்பார்கள், அதையே முதலில் எடுங்கள். பாடத்துக்குத் தலா 20 வெள்ளி என்று வைத்தால் நான்கு வாரத்தில் 240. நகலெடுக்கும் செலவு 10 போக 230. மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் கேட்பது சங்கடம். அதற்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தம் வெளிவேலையைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

420-உடன் 230 சேர்ந்தால் மாதம் 650. வட்டியை விட்டுப் பார்த்தால், 22 மாதத்தில் முடியும் பாக்கி 14 மாதத்தில் முடியும். ஆனால் தவணைக் கடனில் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டிக் கட்ட எல்லா வங்கியும் விடாது, முன்கூட்டியே முடித்தால் கட்டணமும் இருக்கலாம். முதலில் வங்கியிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். கட்ட விடவில்லை என்றால் அந்த 230-ஐத் தனிக் கணக்கில் சேர்த்து வாருங்கள். மொத்தமாக முடிக்கும் அளவு சேர்ந்ததும், மிச்சமாகும் வட்டி அந்தக் கட்டணத்தைவிட அதிகமா என்று பார்த்து முடித்துவிடலாம். அதுவரை உடம்பு சரியில்லாத மாதத்தில் தவணை தவறாமல் இருக்க அந்தப் பணமே கைகொடுக்கும்.

அப்புறம், வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிள்ளைகள் கூடி ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவுக்கும் கட்ட வேண்டி வரும்.