டியூப்லைட் வெளிச்சத்தில் போன் வீடியோ: கேள்வி பதில்

சமையல் வீடியோ எடுப்பவர்: தம்பி, கிச்சனில் எடுத்தால் சுவரில் இருட்டுக் கோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. மாடியில் எடுத்தால் வருவதில்லை. கேமரா போய்விட்டதா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, விளக்கைப் பாருங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் வினாடிக்கு 100 முறை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். உங்கள் போன் வினாடிக்கு 30 பிரேம் எடுக்கிறது. 100-ஐ 30-ஆல் வகுத்தால் மூன்று துடிப்பும் கொஞ்சம் மிச்சமும். அந்த மிச்சத்தால் ஒவ்வொரு பிரேமும் வேறு வேறு இடத்தில் தொடங்குகிறது, கோடு ஓடுகிறது. 25 பிரேம் வைத்தால் சரியாக நான்கு துடிப்பு, மிச்சமில்லை.

ஐபோன் என்றால் Settings > Camera > Record Video போய் Show PAL Formats-ஐப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் 25 fps பட்டியலில் வரும்.

ஆனால் 25 மட்டும் போதாது, ஷட்டரும், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரமும் ஒத்துவர வேண்டும். ஷட்டர் 1/50 வினாடி என்றால் ஒரு பிரேமுக்குள் முழுசாக இரண்டு துடிப்பு விழும். எங்கே தொடங்கினாலும் வெளிச்சம் ஒரே அளவுதான். அதனால் 30 பிரேமிலேயே 1/50 வைத்தாலும் கோடு போய்விடும். போனில் ப்ரோ வீடியோ மோட் இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். 25 வைத்த பிறகும் கோடு தெரிகிறது, ஆனால் நகராமல் நிற்கிறது என்றால் ஷட்டர் இன்னும் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

கல்லூரி மாணவர்: 60 பிரேம் வைத்தால் போதும் அண்ணா. எனக்கு அப்படித்தான் சரியானது.

உங்களுக்குச் சரியானது உண்மைதான், ஆனால் காரணம் 60 இல்லை. அறையில் நல்ல வெளிச்சம் இருந்ததால் போன் தானாக 1/100 ஷட்டருக்குப் போயிருக்கும். அதில் சரியாக ஒரு துடிப்பு. ராத்திரி ஒற்றை பல்பில் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் போதாமல் போன் 1/60-க்கு இறங்கும், கோடு திரும்ப வரும். 60 பிரேமில் 1/50 வைக்கவே முடியாது, பிரேமின் நீளமே 1/60 வினாடிதானே.

டொரண்டோவிலிருந்து ஒருவர்: நீங்கள் சொன்னபடி 25 வைத்தேன். இல்லாத கோடு இப்போதுதான் வந்தது!

ஐயோ, அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 120 முறை துடிக்கும். உங்களுக்கு 30 பிரேம், 1/60 ஷட்டர். பழையபடி மாற்றிவிடுங்கள். ஊருக்கு வரும்போது மட்டும் 25.

புடவை விற்பவர்: ஐபோனில் பார்க்கும்போது புடவை பளபளக்கிறது. கம்ப்யூட்டரில் எடிட் செய்து ஏற்றினால் நிறம் செத்துப்போகிறது. 4K-இல் எடுத்தால் சரியாகுமா?

4K-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது எச்டிஆர் வேலை, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் சாதாரண வீடியோவைவிடக் கூடுதலாகப் பதியும் முறை. ஐபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ தானாகவே போட்டிருக்கும். எடிட்டர் அதைச் சாதாரண வீடியோவாகப் படித்தால் நிறம் வெளிறிவிடும். ஒரு அடையாளம்: போனில் ஓடும்போது ஜரிகையோ ஜன்னலோ திரையின் மற்ற வெள்ளையைவிடத் தூக்கலாக மின்னினால் அது எச்டிஆர்.

அதே Record Video பக்கத்தில் HDR Video-வை அணைத்துவிட்டு எடுங்கள். புடவை விற்பவருக்கு நிறம்தான் முக்கியம். எல்லார் போனிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிவதே நல்லது. ஏற்கெனவே எடுத்தவை வீணில்லை. DaVinci Resolve எடிட்டரில் Color Space Transform போட்டு, உள்ளே வருவது Rec.2020, Rec.2100 HLG என்றும், வெளியே போவது Rec.709, Gamma 2.4 என்றும் கொடுங்கள். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் கையால் சரிசெய்யலாம். என் முதல் கல்யாண வேலையில் இது தெரியாமல் இரண்டு நாள் கலர் ஸ்லைடரை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதே புடவைக்காரர்: அப்போ 4K வேண்டவே வேண்டாமா?

பார்டரை நெருக்கமாகக் காட்ட எடிட்டில் வெட்டிப் பெரிதாக்குவீர்கள் என்றால் வேண்டும். 1080 வீடியோவாக வெளியிடும்போது 4K-இல் பாதி அகலத்தை வெட்டினாலும் தெளிவு குறையாது. வெட்டப்போவதில்லை என்றால் இடம்தான் வீண். ஐபோன் கணக்கில் 30 பிரேமில் 1080 நிமிடத்துக்கு 60 எம்பி, 4K 170 எம்பி. இருபது நிமிடம் எடுத்தால் ஒன்று 1.2 ஜிபி, மற்றது 3.4 ஜிபி. 4K-இல் 60 பிரேம் என்றால் 8 ஜிபி. புடவை ஓடவா போகிறது?

டியூஷன் எடுப்பவர்: எனக்கும் கோடுதான் சார். 25, 1/50 எல்லாம் வைத்தாயிற்று. டிம்மர் வைத்த எல்இடி பேனல்.

டிம்மர் என்றதும் சந்தேகம் வருகிறது. சில பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்க வேறு வேகத்தில் அணைந்து எரியும். அதற்குக் கரண்ட் கணக்கு பொருந்தாது. டிம்மரை முழுசாக ஏற்றி ஒரு தடவை எடுங்கள். கோடு போனால் அதே நிலையில் வைத்து, பேனலைத் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். போகாவிட்டால் பேனலுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர்தான் காரணமா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பத்து வினாடி கிளிப் ஒன்று போடுங்கள், பார்க்கிறேன்.