போர்டு மட்டும் இறங்குவதே இல்லை

மாங்கூழ் ஆலைக் கூலியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தர்மபுரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவரின் பதில்கள்.

சார், ஊருக்கு ஒரே முதலாளி என்றால் கூலி இறுதிநிலை வருவாய் உற்பத்திக்குக் கீழே நிற்கும் என்று படித்தேன். படம் வரைந்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் முழிக்கிறேன். (கல்லூரி மாணவர், பர்கூர்)

படத்தை மூடி வையுங்கள் தம்பி. இறுதிநிலை வருவாய் உற்பத்தி என்றால், கடைசியாகச் சேர்ந்த ஆள் ஆலைக்குக் கூட்டித் தரும் வருமானம், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்துக்கு ஒரே ஒரு ஜூஸ் பேக்டரி என்று வைப்போம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

கேட்டுக்கு எதிரே குடியிருக்கும் 10 பேர் நாளுக்கு 300 ரூபாய் என்றால் வந்துவிடுவார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் 10 பேருக்கு 350 வேண்டும், பஸ் செலவு இருக்கிறது. அதற்கும் அப்பால் இருக்கும் 10 பேர் ஆடு மாடுகளை விட்டுவிட்டு வர வேண்டும், 400க்குக் குறைந்து வரமாட்டார்கள். நான்காவது பத்துப் பேருக்கு 450. மேலேறும் அளிப்புக் கோடு என்பது இவ்வளவுதான்.

மாங்காய் நறுக்கி, கொட்டை நீக்கி இவர்கள் ஆலைக்குச் சேர்க்கும் வருமானம், முதல் பத்தில் ஆளுக்கு 800, இரண்டாவதில் 650, மூன்றாவதில் 520, நான்காவதில் 460. ஆள் கூடக் கூட மேசையும் மெஷினும் பங்கு பிரியும், அதனால் குறைகிறது.

இப்போது முதலாளி 30 பேரை 400 ரூபாய்க்கு வைத்திருக்கிறார். நான்காவது பத்துப் பேர் 450க்கு வரத் தயார், 460 ஈட்டியும் தருவார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் லாபம்தானே? ஆனால் ஒரே மேசையில் நிற்பவர்களில் புதியவருக்கு 450, பழையவருக்கு 400 என்று கொடுக்க முடியாது. பழைய 30 பேருக்கும் ஐம்பது ஐம்பதாக ஏற்ற வேண்டும், அது 1500. புதியவர்களின் கூலி 4500. மொத்தம் 6000 ரூபாய் கூடுதலாகச் செலவழித்தால் திரும்புவது 4600. 1400 நட்டம். எடுக்கமாட்டார்.

அதனால் 30 பேரோடு நின்றுவிடுகிறார். மூன்றாவது பத்தில் ஒவ்வொருவரும் 520 ஈட்ட, கையில் 400 வாங்குகிறார்கள். நடுவில் இருக்கும் 120 ரூபாய்தான் நீங்கள் வரைந்த அந்த இடைவெளி. அடுத்த ஆளின் செலவு அவர் கூலியோடு முடிவதில்லை, அதற்கு முன்னால் சேர்ந்த எல்லாருடைய உயர்வும் அதில் ஏறிக்கொள்கிறது.

இதுக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு? வேலையே இல்லாத ஊரு, எவ்வளவு கொடுத்தாலும் ஆள் வரும், அதனால கம்மியா கொடுக்கிறான். (ஊத்தங்கரை)

பாதி சரி அண்ணா. கூலி குறைவு என்பதும், கூலி இறுதிநிலை வருவாய் உற்பத்திக்குக் கீழே என்பதும் ஒன்றல்ல. நீங்கள் சொல்கிறபடி 300 ரூபாய்க்கு எத்தனை பேர் கேட்டாலும் வருவார்கள் என்றால், கோடு மேலே ஏறவே இல்லை, படுத்துக் கிடக்கிறது. அப்போது புதிதாக ஒருவரை எடுக்கப் பழையவருக்கு ஏற்ற வேண்டியதில்லை. கடைசி ஆள் ஈட்டுவது 300 ஆகும்வரை எடுத்துக்கொண்டே போவார். கூலி அடிமட்டம், ஆனால் அந்த இடைவெளி இருக்காது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. இடைவெளி இருக்கும் ஆலையில், இன்றைய கூலிக்கே இன்னொருவர் வந்தால் முதலாளி கைகூப்பி ஏற்பார், ஏனென்றால் அவர் 400 வாங்கிக்கொண்டு 460 தருவார். அதனால்தான் 'ஆட்கள் தேவை' போர்டு வருடம் முழுக்கத் தொங்கும், கூலியோ அசையாது. ஆள் பஞ்சம் என்று அவர் புலம்புவது பொய்யும் இல்லை.

நான் ஆறு சீசனா ஒரே கம்பெனியில நறுக்குற வேலை. இந்த வருசம் புதுசா வந்த பொண்ணுக்கு என்னைவிட நாப்பது ரூபா கூட. வெளிய சொல்லாதேன்னு சூப்பர்வைசர் அவகிட்ட சொல்லியிருக்காரு. இது எதுல சேரும் சார்? (போச்சம்பள்ளி)

மேலே நான் 'முடியாது' என்று சொன்னதை உங்கள் சூப்பர்வைசர் முடித்துக் காட்டுகிறார் அம்மா. ஆளுக்கு ஆள் அவரவர் வருகிற விலையைக் கொடுத்துவிட்டால், புதியவரை எடுக்கும் செலவு அவர் கூலி மட்டுமே. அப்போது 40 பேரையும் எடுப்பார்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்பதால் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உயர்வு கிடைக்காது. அந்தப் பெண்ணின் சம்பளத்தை நீங்கள் எல்லாரும் தெரிந்துகொண்டு கேட்டால் கணக்கு மாறிவிடும். ரகசியம் அதற்குத்தான்.

எங்க மாங்காயை டன் கணக்குல ஆலைக்காரங்க அடிமாட்டு விலைக்கு எடுக்கறாங்க. இதைத்தானே கேக்கறீங்க? (விவசாயி, காவேரிப்பட்டினம்)

இங்கே பேச்சு கூலியைப் பற்றி. ஆனாலும் நீங்கள் தப்பாக வந்துவிடவில்லை. வாங்குபவர் ஒருவரே என்ற நிலைக்கு 'மோனாப்சனி' என்று பெயர். 1933இல் இந்தச் சொல்லைப் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜின் ஜோன் ராபின்சன். கிரேக்கம் படித்த ஹால்வர்ட் என்பவரிடம் கேட்டு வாங்கிய சொல் அது. அதன் வேர், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்குவதைக் குறிக்கும். ஆக, அது வாங்குபவர் எவருக்கும் பொருந்தும். உங்கள் மாங்காயில் ஒரு வேறுபாடு: பழுத்த காயை அடுத்த வாரம் விற்கிறேன் என்று வைத்திருக்க முடியாது. சீசன் நடுவே உங்கள் அளிப்பு விலைக்கு ஏற்ப ஏறுவதும் இறங்குவதும் குறைவு, அதனால் வாங்குபவர் கை இன்னும் ஓங்கும்.

நான் ஓசூரில் எச்.ஆர். இங்கே நூறு கம்பெனி. ஒரே முதலாளி என்ற கதை எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? (ஓசூர்)

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நாளை நீங்கள் கூலியில் பத்து ரூபாய் குறைத்தால் எல்லாரும் மறுநாளே வேறு கேட்டில் நிற்பார்களா? நின்றால் கூலியை நீங்களே தீர்மானிக்கும் பலம் உங்களுக்கு இல்லை. நாலு பேர் மட்டும் போனால், இருக்கிறது. மாலை நாலரைக்குப் பிள்ளை பள்ளியிலிருந்து வரும் முன் வீடு சேர வேண்டிய பெண்ணுக்கு நூறு கம்பெனி இல்லை, இரண்டுதான். அவர் கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடலாம். ஒரே வேலைக்குப் பெண் கூலி குறைவதற்கு இது ஒரு காரணம், எல்லாக் காரணமும் இதுவே என்று சொல்லமாட்டேன்.

அப்புறம், கிராமம் கிராமமாக வேன் அனுப்புகிறீர்களே, அதையும் யோசித்துப் பாருங்கள். தூரத்து ஊர்க்காரருக்குக் கூலியாகக் கூட்டினால் எல்லாருக்கும் கூட்ட வேண்டும். வேனாகக் கொடுத்தால் தூரத்து ஊர்க்காரருக்கு மட்டும் போய்ச் சேரும். வேன் நல்லதுதான், நானே பரிந்துரைப்பேன். ஆனால் அதைச் சலுகை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிறிய ஆலை நடத்துகிறேன். குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் ஆளைக் குறைப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. (பெயர் வேண்டாம்)

மேலே போட்ட எண்களிலேயே பாருங்கள். சட்டம் 450 என்று சொன்னால், 30 பேருக்கும் எப்படியும் 450 ஆகிவிட்டது. இனி நான்காவது பத்துப் பேருக்குத் தனி உயர்வுச் சுமை இல்லை. 450 கொடுத்து 460 பெறலாம், எடுப்பீர்கள். கூலியும் ஏறி ஆளும் ஏறும். உங்கள் மிச்சம் 7700இலிருந்து 6300 ஆகும், அதனால் நீங்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. அதே சட்டம் 550 என்றால் மூன்றாவது பத்தும் போய் 20 பேர்தான் நிற்பார்கள், அப்போது நீங்கள் சொன்னது அப்படியே நடக்கும்.

அமெரிக்காவில் 1992இல் நியூஜெர்சி மாநிலம் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05க்கு ஏற்றியபோது, கார்டு, க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் துரித உணவுக் கடைகளைப் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டு, வேலை குறையவில்லை என்று எழுதினார்கள். நியூமார்க்கும் வாஷரும் வேறு தரவை வைத்து மறுத்தார்கள். சண்டை ஓய்ந்தபாடில்லை.

ஏட்டுக் கணக்கு சார் அது. என் கடைசி ஆள் 460 தருகிறாரா 380 தருகிறாரா என்று எனக்கே தெரியாது. (அதே ஆலைக்காரர்)

ஒத்துக்கொள்கிறேன். சீசனில் ஒரு நாள் பத்துப் பேர் வராமல் போனால், அன்று எத்தனை டன் காய் நறுக்காமல் அழுகியது என்று மட்டும் குறித்து வையுங்கள். அதில் ஓரளவு தெரியும். மெஷின் நின்றதால் அழுகியதையும் அதோடு சேர்த்துவிடாதீர்கள்.