மாமியாரைப் பார்த்துக்கொண்டதை ஏன் மறைக்க வேண்டும்?

"ஒன்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். 2020 முதல் 2024 வரை மாமியார் படுத்த படுக்கை, அதனால் வேலையை விட்டேன். இப்போது லிங்க்ட்இன்னில் என்னைப் பற்றி எழுத வேண்டும். 'நான்' என்று எழுதுவதா, பெயரைச் சொல்லி 'இவர்' என்று எழுதுவதா? 'இவர்' என்றால் கௌரவம், இடைவெளியும் தெரியாது என்று கணவரே எழுதிக் கொடுத்துவிட்டார். 'இவர் கணக்கியலில் நீண்ட அனுபவம் பெற்றவர்' என்று ஆரம்பிக்கிறது." – வாசகி, திருச்சி

நான்கு வருடம் நீங்கள் பார்த்துக்கொண்டது யாருடைய அம்மாவை? அதை மறைக்கும் வரியை எழுதியது யார்? அவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பெற்றவளைக் கவனித்தவர் மனைவி என்று சொல்ல ஒரு மகனுக்கு என்ன கூச்சம்?

'இவர்' என்று எழுதினாலும் இடைவெளி மறையாது. பக்கத்தின் கீழே வேலைகளின் தேதிகள் வரிசையாக நிற்கும். ஆள் எடுப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். உங்கள் பெயரும் படமும் மேலேயே இருக்க, நீங்களே உங்களை 'பெற்றவர்', 'வல்லவர்' என்று மரியாதை போட்டுக்கொள்வது கல்யாணப் பத்திரிகை வாசகம் மாதிரி இருக்கிறது.

'இவர்' பொருந்தும் இடங்கள் உண்டு. கருத்தரங்கில் உங்களை ஒருவர் மேடைக்கு அழைக்கும்போது, நிறுவன இணையதளத்தில் ஊழியர் அறிமுகத்தில் என்றால் அப்படியே எடுத்துப் போடலாம். அதற்கு நான்கைந்து வரியில் தனியாக ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்க்ட்இன்னுக்கு 'நான்' தான். அதிலும் ஆபத்து உண்டு: வரிக்கு வரி 'நான்' வந்தால் தம்பட்டம், மனம் திறந்தால் புலம்பல். தமிழில் வினையே ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் 'ஐ' குவியும். சில வாக்கியங்களை வேலையின் பெயரில் தொடங்குங்கள்.

2,600 எழுத்துகள் வரை இடம் தருகிறார்கள். ஆனால் சொடுக்காமல் தெரிவது முதல் சில வரிகள் மட்டுமே. அதனால் இப்படித் தொடங்கலாம்:

"மாதாந்திர வரித் தாக்கல், சம்பளப் பட்டியல், தணிக்கைக்குக் கணக்கு முடிப்பது: ஒன்பது ஆண்டுகள் இவற்றைச் செய்தேன். 2020 முதல் 2024 வரை மாமியாரின் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. இப்போது முழுநேர வேலைக்குத் தயார்."

பராமரிப்புக்கு ஒரே வாக்கியம் போதும். நோயின் பெயர், ஆஸ்பத்திரிக் கதை எதுவும் வேண்டாம். வேலைப் பட்டியலிலும் அதைச் சேருங்கள். 2022 முதல் லிங்க்ட்இன்னில் பணி இடைவெளிக்கென்றே தனிப் பதிவு இருக்கிறது, காரணமாகப் பராமரிப்பையும் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு விஷயம். நேர்காணலில் இடைவெளியைவிட அதற்குள் மாறியதைத்தான் துருவுவார்கள். 2023 ஆகஸ்டில் ஜிஎஸ்டிக்கான இ-இன்வாய்ஸ் எனும் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயம் 5 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. படித்துவிட்டீர்கள் என்றால் அதையும் ஒரு வரி சேருங்கள். படிக்கவில்லை என்றால் முதலில் படியுங்கள்.

எழுதி முடித்ததும் கணவரிடம் கொடுக்கலாம், எழுத்துப்பிழை பார்க்க மட்டும்.