அகராதியில் வைத்த விரல்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலப் படம் பார்க்க, செய்தி படிக்க, நாவல் படிக்க எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்? நண்பர் ஒருவர் 3,000 போதும் என்கிறார். நான் ஒரு சொல்வளத் தேர்வு எழுதினேன். 140 கேள்விகளில் 80 சரி, ஆகவே 8,000 சொற்கள் தெரியும் என்று முடிவு வந்தது. ஆனால் நாவலில் இருபதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. தினம் 30 சொற்கள் மனப்பாடம் செய்யலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இந்த எண்களோடு நானும் பல வருடம் மல்லுக்கட்டியவன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். அதற்கு வருகிறேன்.

நண்பர் சொன்ன 3,000 காற்றில் வந்த எண் அல்ல. வெப், ரோட்ஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் 318 படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். அடிக்கடி வரும் 3,000 சொற்கள் தெரிந்து, ஆள் பெயர் ஊர்ப் பெயர்களும் புரிந்துவிட்டால், வசனத்தில் 95 சதவீதம் கைக்குள் வந்துவிடும். 98 சதவீதம் வேண்டுமென்றால் 6,000. நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் அதே 98 சதவீதத்துக்கு 8,000 முதல் 9,000 வரை ஆகும் என்று பால் நேஷன் என்ற மொழியியல் ஆய்வாளர் 2006இல் கணக்கிட்டார். இவையெல்லாம் ஆங்கிலத்துக்கான எண்கள். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து கிளைத்தவற்றையும் சேர்த்து ஒரே குடும்பமாக எண்ணியவை. 'வந்திருந்தவர்களுக்கும்' என்று ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே அடக்கும் தமிழுக்கு இவற்றை அப்படியே தூக்கிவந்து பொருத்தாதீர்கள்.

95 என்றால் நல்ல மதிப்பெண் என்று நமக்குத் தோன்றும். பள்ளிக்கூடம் பழக்கிய பழக்கம் அது. ஒரு படத்தில் சுமார் 9,000 சொற்கள் பேசப்படுகின்றன. அதில் 5 சதவீதம் தெரியவில்லை என்றால் 450 இடங்கள். இரண்டு மணி நேரப் படத்தில் நிமிடத்துக்கு நான்கு தடவை கிட்டத்தட்ட இடறுகிறீர்கள். முகமும் காட்சியும் கைகொடுப்பதால் கதை பிடிபடும். நாவலில் அந்த உதவி கிடையாது. ஒரு கதையில் சில சொற்களை எடுத்துவிட்டு அர்த்தமற்ற சொற்களைப் போட்டுப் படிக்கக் கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தில் ஒரு சொல் தெரியாதபோது யாருக்கும் கதை சரியாகப் புரியவில்லை. இருபதில் ஒன்று என்று குறைத்தபோதும் பெரும்பாலானவர்கள் திணறினார்கள். ஐம்பதில் ஒன்று என்ற அளவுக்கு வந்தால்தான் துணையில்லாமல் படிக்க முடியும் என்பது அந்த ஆய்வு கண்ட முடிவு. அந்த 98 சதவீதம் இப்படி வந்ததுதான்.

சரி, உங்கள் 8,000. தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் இருந்திருக்கும். தெரியாத கேள்விகளைக் காலியாக விட்டீர்களா? விட்டிருக்க மாட்டீர்கள். 60 தவறு என்றால், குருட்டாம்போக்கில் அடித்தவை 80 இருக்கலாம். அதில் கால் பங்கு, அதாவது 20, தானாகவே சரியாக விழுந்திருக்கும். உண்மையில் தெரிந்தவை 60தான். உங்கள் எண் 8,000 அல்ல, 6,000க்குப் பக்கம். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட ஏன் இவ்வளவு தயக்கம்? அளக்கும் இடத்திலுமா நமக்கு நாமே பரீட்சைத் தந்திரம் செய்துகொள்வது? கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே தவறை இன்னும் பெரிதாகச் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. 800 பக்கம், 40,000 தலைச்சொற்கள் கொண்ட ஆங்கில அகராதி ஒன்று கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது தடவை பிரித்து, விரல் விழுந்த இடத்தில் இருக்கும் சொல் தெரியுமா என்று பார்த்தேன். 31 தெரிந்தது. 62 சதவீதம், அதாவது 24,800 சொற்கள்! நோட்டில் அந்த எண்ணைச் சுற்றிப் பெரிதாக வட்டம் போட்டிருக்கிறேன்.

அந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. அகராதியில் எல்லாச் சொல்லும் ஒரே அளவு இடத்தை எடுப்பதில்லை. 'ரன்', 'செட்' மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சொற்களுக்குத்தான் அர்த்தங்கள் அதிகம். பத்தி பத்தியாகப் போகும். யாருக்கும் தெரியாத ஒரு செடியின் பெயர் ஒற்றை வரியில் முடிந்துவிடும். மூடிய கண்ணோடு விரல் வைத்தால் அது அகன்ற இடத்தில்தானே விழும்? தெரிந்த சொல்லாகத் தேடிப்போய் நிற்கும். சொல்வளத்தை அளக்க அகராதியைப் பயன்படுத்திய பழைய ஆய்வுகள் சிலவும் இந்தக் குழியில் விழுந்து, மாணவர்களின் சொல்வளத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கின்றன.

சில வருடம் கழித்து மறுபடி செய்தேன். ஒவ்வொரு நாற்பதாவது பக்கமாக 20 பக்கங்கள். அவற்றில் இருந்த ஏறத்தாழ 1,000 தலைச்சொற்களையும் ஒன்றுவிடாமல், நீளம் பார்க்காமல் எண்ணினேன். 370 தெரிந்தது. நாற்பதால் பெருக்கினால் 14,800. அப்புறம் கிளைச்சொற்களை அடித்தேன். 'ஹேப்பி' தெரிந்தவனுக்கு 'ஹேப்பினெஸ்' தனிச் சம்பாத்தியம் இல்லை. 210 மிஞ்சியது: 8,400. கடைசியாக, 'தெரியும்' என்று டிக் போட்ட ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் பார்க்காமல் அர்த்தம் எழுதிப் பார்த்தேன். 150க்குத்தான் எழுத முடிந்தது. பாக்கியெல்லாம் எங்கோ பார்த்த முகங்கள். 150ஐ நாற்பதால் பெருக்கினால் 6,000.

24,800இல் ஆரம்பித்து 6,000இல் வந்து நின்றேன். அன்றைக்கு மனசு கனத்தது உண்மை. ஆனால் நாவல்கள் ஏன் என்னை வெளியே நிறுத்தின என்பது அன்றுதான் விளங்கியது. என் அறிவில் குறை என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். இரண்டு மூவாயிரம் சொற்கள் குறைவு, அவ்வளவுதான்.

நீங்கள் அகராதியோடு இவ்வளவு பாடுபட வேண்டாம். நின்றுபோன அந்த நாவலையே எடுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், நடுவில் எங்கேனும் ஒரு பக்கம். 300 சொற்கள் எண்ணிக் கோடு போடுங்கள். பெயர்களை விட்டுவிட்டு, அர்த்தம் எழுத முடியாத ஒவ்வொரு சொல்லின் அடியிலும் கோடிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். ஆறுக்குள் இருந்தால் 98 சதவீதம். அந்த நாவல் உங்களுடையது. பதினைந்து என்றால் 95. அகராதி பக்கத்தில் இருக்கட்டும். முப்பதைத் தொட்டால் மூடி வைத்துவிட்டு எளிதான ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் ஏமாற்றலாம் என்பதால் மூன்று இடங்களில் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

படத்துக்கு வேறு சோதனை. பத்து நிமிட வசனத்தை எழுத்தில் படித்துப் பாருங்கள். படித்தால் புரிந்து, கேட்டால் புரியவில்லை என்றால் குறை சொற்களில் இல்லை, காதில். அதற்கு எந்தப் பட்டியலும் உதவாது. தினம் 30 சொற்கள் என்ற பேச்சை இப்போதைக்கு விடுங்கள்.

அந்த மூன்று பக்கங்களிலும் எத்தனை கோடு விழுந்தது என்று எழுதுங்கள். நூறாம் பக்கம் போனதும் இன்னொரு தடவை எண்ணுங்கள். ஒரு எழுத்தாளர் தன் சொற்களையே திரும்பத் திரும்பப் புழங்குவார். முன்னால் கோடு போட்டவற்றில் சில அதற்குள் பழகியிருக்கும்.