சாமி வந்ததை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

"நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆடி மாதம் வியாசர்பாடி அம்மன் கோயிலில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்ததைக் குறிப்பெடுத்தேன். தீர்ப்பை அடைப்புக்குறிக்குள் போடு என்கிறார் கைடு. அது உண்மையில் முடியுமா?"

பாதி முடியும். இந்த அடைப்புக்குறியைத் தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் 'எபொகே' என்றார்; அவர் சொன்னது உங்கள் கருத்தை அழிப்பதை அல்ல, அதைப் பயன்படுத்தாமல் நிறுத்தி வைப்பதை. அம்மன் இருக்கிறாளா என்ற கேள்வியை அப்படி நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதற்குள் உங்கள் சொற்கள் தீர்ப்பு எழுதிவிடும், சிக்கல் அங்கேதான்.

உங்கள் குறிப்பையே பாருங்கள். "அவர் மயக்க நிலைக்குப் போனார்" என்றால் மருத்துவ விளக்கம் உள்ளே வந்துவிட்டது. "அம்மன் இறங்கினாள்" என்றால் பக்தரின் தீர்ப்பு. "இறங்கியதாக நம்புகிறார்கள்" என்பது நடுநிலை போலத் தெரியும், ஆனால் அந்த அம்மா நம்பிக்கையைப் பற்றியா பேசினார்? நடந்ததை அல்லவா சொன்னார்! நான் இப்படி எழுதுவேன்: "உடுக்கை வேகமெடுத்ததும் அவர் உடல் நடுங்கியது. குரல் மாறியது. சுற்றி நின்றவர்கள் 'தாயே' என்று அழைத்துக் குறி கேட்டார்கள்." அப்புறம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே கொடுங்கள்.

எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். "இது நடக்கலையே" என்றால் உங்கள் தீர்ப்பு எங்கோ கசிந்திருக்கிறது.

அதே சமயம், ஏன் சாமி வருகிறது என்று சமூகக் காரணம் தேடத் தொடங்கியதும் அடைப்புக்குறி திறந்துவிடும். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967-இல் இதை முறையியல் நாத்திகம், அதாவது ஆய்வுக்காக மட்டும் கடவுளைக் காரணமாகக் கொள்ளாமல் விளக்குவது, என்று வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் ஆய்வேட்டிலும் அந்த இடத்தைத் தனி அத்தியாயமாகப் பிரித்துக் காட்டுங்கள்.