ஜிக்ஜாக் குழாய் வரிசைகள்: எந்த இடுக்கில் வேகம் அதிகம், எத்தனை வரிசைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும்?

கேள்வி (அரிசி ஆலைப் பராமரிப்பில் இருப்பவர்): சார், எங்கள் நெல் உலர்த்தியில் காற்றைச் சூடாக்க நீராவிக் குழாய் அடுக்கு ஒன்று இருக்கிறது. ஃபின் இல்லாத வெறும் குழாய், வெளிவிட்டம் 25 மி.மீ. ஜிக்ஜாக் அடுக்கு. வரைபடத்தில் குறுக்கு இடைவெளி 60, நீள இடைவெளி 50, வரிசை 2 என்று போட்டிருக்கிறது. முகப்பு வேகம் 5 மீ/வி, குழாய்ச் சுவர் 110 டிகிரி. சராசரி வெப்பப் பரிமாற்றக் கெழு 77 வருகிறது. அதன்படி 30 டிகிரியில் நுழையும் காற்று 33-ஐ ஒட்டித்தான் வெளியே வர வேண்டும். தெர்மாமீட்டர் 37-க்கு மேல் காட்டுகிறது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா?

தெர்மாமீட்டரை விடுங்கள், முதலில் வரைபடத்தைப் பாருங்கள். 25 மி.மீ. குழாய்க்கு நீள இடைவெளி 50 என்றதுமே எனக்குச் சந்தேகம். ஜிக்ஜாக் அடுக்கில் பல வரைபடக்காரர்கள் ஒரே நேர்கோட்டில் வரும் அடுத்த குழாய் வரை அளந்து போட்டுவிடுவார்கள். நடுவில் அரை இடைவெளி தள்ளி நிற்கும் வரிசை அந்த அளவுக்குள் ஒளிந்துகொள்ளும். சூத்திரம் கேட்பது அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு இடையிலான தூரம். உங்களுக்கு அது 25 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் வரிசையும் 2 அல்ல, 4. பக்கவாட்டில் நின்று குழாய்களை விரலால் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை 25, 4 வரிசை என்றே வைத்துக்கொண்டு போகிறேன்.

கேள்வி (மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி): அதிகபட்ச வேகத்துக்கு இரண்டு சூத்திரம் இருக்கிறது. எதைப் போடுவது என்று எப்படி முடிவு செய்வது? பெரிய விடையை எடுத்தால் போதுமா?

போதும். இரண்டையும் போட்டுப் பெரியதை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் ஏன் இரண்டு என்று ஒருமுறை படம் வரைந்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

ஒரு குறுக்கு இடைவெளி அகலத்துக்கு வரும் காற்று, முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களுக்கு நடுவே நுழைகிறது. குறுக்கு இடைவெளி `S_T`, நீள இடைவெளி `S_L`, குழாய் விட்டம் `D`, முகப்பு வேகம் `V` என்றால் அங்கே திறந்திருப்பது `S_T − D`. நுழைந்ததும் நேரெதிரே அடுத்த வரிசைக் குழாய் நிற்கிறது. காற்று இடமும் வலமுமாகப் பிரிந்து இரண்டு சாய்ந்த இடுக்குகள் வழியாகப் போகிறது. ஒவ்வொன்றும் `S_D − D` அகலம். அதனால்தான் அந்த 2.

```
S_D = sqrt(S_L^2 + (S_T/2)^2)
குறுக்கு: Vmax = V * S_T / (S_T - D)
சாய்வு:   Vmax = V * S_T / (2*(S_D - D))
S_D < (S_T + D)/2 என்றால் சாய்வு
```

ஆலைக்காரரின் அடுக்கில் `S_D` 39.05 மி.மீ. `(S_T + D)/2` 42.5. சாய்வுதான் இறுக்கம். குறுக்கு இடுக்கில் 8.57 மீ/வி, சாய்ந்த இடுக்கில் 10.68 மீ/வி. நீள இடைவெளியை 50 என்று எடுத்தால் `S_D` 58.3 ஆகிவிடும், சாய்ந்த இடுக்கு தாராளமாக விரிந்துவிட்ட மாதிரி தெரியும். வரைபடத்துத் தவறு வேகத்தையும் இப்படிச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது.

கேள்வி (வெப்பப் பரிமாற்றி வடிவமைப்பில் வேலை பார்ப்பவர்): நான் பார்த்தவரை முக்கோண அடுக்கில் சாய்வு இடுக்கு ஒருபோதும் ஆளாது. சமபக்க முக்கோணத்தில் எல்லா இடைவெளியும் ஒன்றுதானே? அந்தச் சோதனையே தேவையில்லை.

பாதி சரி. முக்கோணத்தின் ஒரு பக்கம் காற்றோட்டத்துக்குக் குறுக்காக இருந்தால் நீங்கள் சொல்வதுதான். இடைவெளிகள் சமம், ஆனால் சாய்ந்த இடுக்கு இரண்டு இருக்கிறது, ஆகவே அங்கே நெரிசல் வராது. அதே முக்கோணத்தை 30 டிகிரி திருப்பி, ஒரு பக்கம் காற்றோட்டத்தின் திசையிலேயே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். குறுக்கு இடைவெளி குழாய் இடைவெளியைப்போல் 1.732 மடங்கு ஆகிவிடும். கணக்குப் போட்டால், குழாய் இடைவெளி விட்டத்தில் சுமார் 3.7 மடங்குக்குக் கீழே இருக்கும்வரை சாய்வுதான் ஆளும். நடைமுறையில் யாரும் அவ்வளவு அகலமாக அடுக்குவதில்லை, அதனால் ஏறக்குறைய எப்போதும் சாய்வு என்றே சொல்லலாம். 45 டிகிரி திருப்பிய சதுரத்தில் இந்த எல்லை சுமார் 1.7 மடங்கு. 1.25 மடங்கில் அடுக்குகிற வழக்கமான சதுரம் அதற்குள் வந்துவிடும்.

கேள்வி (அதே மாணவி): சரி, வேகம் வந்துவிட்டது. அப்புறம், வரிசை குறைவாக இருந்தால் கெழுவைக் குறைக்கும் வரிசைத் திருத்தத்தை ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டி, சராசரி எடுத்தேன். 4 வரிசைக்கு 0.78 வந்தது. விடைத்தாளில் 0.89 இருக்கிறது.

இந்தத் தவறை நானும் படிக்கிற காலத்தில் செய்து மதிப்பெண் இழந்திருக்கிறேன். அட்டவணையில் இருப்பது அந்த வரிசையின் எண் அல்ல, அதுவரையிலான எல்லா வரிசைகளின் சராசரி. நீங்கள் சராசரிகளுக்கே சராசரி எடுத்திருக்கிறீர்கள்.

ஜிக்ஜாக் அடுக்குக்கு ஜூகவுஸ்காஸ் என்ற ஆய்வாளரின் அட்டவணை 1, 2, 3, 4 வரிசைகளுக்குத் தருவது 0.64, 0.76, 0.84, 0.89. இதிலிருந்து தனி வரிசையைப் பிரித்தெடுக்கலாம். இரண்டு வரிசைக்கு மொத்தம் 1.52, முதல் வரிசைக்கு 0.64 போக இரண்டாவதற்கு 0.88. அதே வழியில் மூன்றாவது 1.00, நான்காவது 1.04. அந்த 0.04-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு தசமத்துக்குச் சுருக்கிய எண்களைக் கழித்தால் இப்படித்தான் ஆடும். பார்க்க வேண்டியது வேறு: மூன்றாவது வரிசையிலேயே குழாய் முழு வேலைக்கு வந்துவிடுகிறது. முன்னால் நிற்கும் வரிசைகள் கிளப்பிவிடும் சுழல்தான் காரணம். முதல் வரிசைக்கு அந்த உதவி இல்லை. சராசரி மட்டும் 20 வரிசைவரை 1-ஐத் தொடாமல் இழுத்துக்கொண்டே போவது, முதல் இரண்டு வரிசைகளின் பழைய கடன் இன்னும் பங்கிடப்படுவதால்.

கேள்வி (வடிவமைப்பில் இருப்பவர்): எங்கள் பழைய கணக்குத்தாளில் 10 வரிசையிலேயே திருத்தம் 1 ஆகிவிடுகிறது. நீங்கள் 20 என்கிறீர்கள்.

உங்கள் தாள் கிரிமிசன் என்ற இன்னொரு ஆய்வாளருடையதாக இருக்கும். அவருடைய அடிப்படைச் சூத்திரமே 10 வரிசையோ அதற்கு மேலோ உள்ள அடுக்குக்கு ஆனது, ஆகவே திருத்தமும் அங்கேயே முடிகிறது. ஜூகவுஸ்காஸின் அடிப்படை 20 வரிசை, அவர் அட்டவணையில் 10 வரிசைக்கு 0.97. இரண்டும் தத்தம் இடத்தில் சரி. ஒருவர் சூத்திரத்தையும் இன்னொருவர் திருத்தத்தையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். 4 வரிசைக்கு இருவருமே 0.89 தருவதால் கலந்தாலும் அங்கே கண்டுபிடிக்க முடியாது. 1 வரிசைக்குக் கிரிமிசன் 0.68, ஜூகவுஸ்காஸ் 0.64. அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி (ஆலைப் பராமரிப்பு): எண்ணிப் பார்த்தேன் சார். நான்கு வரிசைதான். டேப் வைத்தால் 25. இனி என்ன வரும்?

காற்றின் நுழைவு, வெளியேற்ற வெப்பநிலைகளின் சராசரி சுமார் 34 டிகிரி என்று எடுத்தேன். அங்கே காற்றின் இயக்கப் பாகுநிலை 16.6×10⁻⁶ மீ²/வி, வெப்பக் கடத்துதிறன் 0.0268, பிராண்ட்ல் எண் 0.706. 10.68 மீ/வி வேகத்துக்கு ரெனால்ட்ஸ் எண் 16,100 பக்கம். உங்கள் `S_T/S_L` 2.4. அது 2-ஐத் தாண்டினால் முன்கெழு 0.40, தாண்டாவிட்டால் `0.35*(S_T/S_L)^0.2`. கீழே `Nu` நஸெல்ட் எண், `Prs` குழாய்ச் சுவரின் வெப்பநிலையில் பிராண்ட்ல் எண், `h` கெழு.

```
Nu = 0.89 * 0.40 * Re^0.6 * Pr^0.36 * (Pr/Prs)^0.25
   ≈ 105
h  = 105 * 0.0268 / 0.025 ≈ 113
```

சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 113 வாட். உங்கள் 77 எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். 2 வரிசைக்கான 0.76-க்குப் பதில் 0.89 போட்டால் 77 என்பது 90 ஆகிறது. முன்கெழு 0.363-லிருந்து 0.40-க்குப் போனால் 99. குறுக்கு வேகத்தை விட்டுச் சாய்வு வேகத்துக்கு வந்தால் 113. ஒரே ஒரு 50, மூன்று இடத்தில் பல்லைப் பதித்திருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்ததால் ஒன்றையொன்று ஈடுகட்டவும் இல்லை.

113-ஐயும் நான்கு வரிசைக் குழாய்ப் பரப்பையும் வைத்தால் காற்று 37.7 டிகிரியில் வெளியே வர வேண்டும். உங்கள் தெர்மாமீட்டர் பாவம்.

கேள்வி (குளிர்சாதனப் பணியாளர்): எங்கள் காயிலும் ஜிக்ஜாக்தான், அலுமினிய ஃபின் போட்டது. இதே 0.89 போடலாமா?

கூடாது. ஃபின் தகடுகள் காற்றைச் சின்னச் சின்னச் சந்துகளாக வெட்டிவிடுகின்றன, வரிசைகளின் போக்கே வேறு. அதற்குத் தனி உறவுகள் இருக்கின்றன. இடுக்கின் பரப்பைக் கணக்கிடும்போதும் ஃபின் அடைக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும்.

கேள்வி (வடிவமைப்பில் இருப்பவர்): விசிறி குழாய் அடுக்குக்கு அரை மீட்டர் முன்னால் இருந்தால்? காற்று ஏற்கெனவே கலங்கித்தானே வருகிறது. முதல் வரிசைக்கு 0.64 ரொம்பக் கஞ்சத்தனமாக இல்லையா?

இருக்கலாம். அட்டவணை எண்கள் அமைதியாக வரும் காற்றுக்குப் பொருந்துவன. கலங்கி வந்தால் முதல் வரிசை அதைவிட நன்றாக வேலை செய்யும். எவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. நான் 0.89-ஐ வைத்தே அளவு போடுவேன், மிஞ்சியது லாபம். ஆனால் விசிறிக்கு நேர் எதிரே காற்று முகப்பெங்கும் சமமாகவும் பரவாது. ஓரத்துக் குழாய்கள் பட்டினி கிடக்கும். அந்த லாபம் அங்கேயே போய்விடவும் வாய்ப்புண்டு.

கேள்வி (ஆலைப் பராமரிப்பு): கடைசியாக ஒன்று சார். சீசன் முடிவில் குழாய் மேல் உமித்தூசி ஒரு மில்லிமீட்டர் படிகிறது. இடுக்கு குறைந்தால் வேகம் கூடுமே, கெழுவும் கூடுமா?

விசிறி அதே அளவு காற்றைத் தள்ளினால் கூடும். விட்டம் 27 ஆகி, சாய்ந்த இடுக்கு 14.05-லிருந்து 12.05 மி.மீ.-க்குச் சுருங்கும், வேகம் 12.4 மீ/வி-க்கு மேல் போகும். ஆனால் அழுத்த இழப்பு ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் விசிறி அவ்வளவு தள்ளாது, முகப்பு வேகம் 5-லிருந்து இறங்கும். எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் விசிறியின் வளைகோட்டைப் பார்த்தால்தான் தெரியும். கெழு கொஞ்சம் கூடினாலும் தூசியே ஒரு போர்வை. சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் முகப்பு வேகத்தையும் வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். அந்த நான்கு எண்கள் இல்லாமல் நான் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.