ஆய்வேட்டு முடிவுரையில் பதில் எங்கே வர வேண்டும்?

கேள்வி: "புவிசார் குறியீடு பத்தமடைப் பாய் நெசவாளர்களின் கூலியை உயர்த்தியதா?" என்பது என் எம்.ஏ. ஆய்வேட்டின் கேள்வி. முடிவுரையைப் படித்த நெறியாளர், "இயல்களைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறாய், பதிலைக் காணோமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது?

பதில்:

முதலில் ஒரு பென்சிலை எடுத்து, முடிவுரையின் ஒவ்வொரு வாக்கியமும் எந்த வினையில் முடிகிறது என்று பாருங்கள். ‘விளக்கப்பட்டது’, ‘ஆராயப்பட்டது’, ‘எடுத்துரைக்கப்பட்டது’ என்று முடிபவற்றை அடிக்கோடிடுங்கள். அவை நீங்கள் செய்த வேலையைச் சொல்கின்றன, கண்டதைச் சொல்லவில்லை. ‘பாய் நெசவு ஒரு பாரம்பரியக் கைத்தொழில் என்பது அறியலாகிறது’ போன்ற வரிகளையும் சேர்த்துக் கோடிடுங்கள். பத்தமடைக்குப் போகாமலே எழுதிவிடக்கூடிய வரி முடிவுரையில் இருக்கக் கூடாது. கோடு விழாமல் எது மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் கையில் இருக்கும் முடிவுரை.

இனி இயல்களை மூடி வைத்துவிட்டு, முன்னுரையில் உள்ள கேள்வியை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். அதன் கீழே ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். ‘உயர்த்தியதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலில் ‘உயர்த்தியது’, ‘உயர்த்தவில்லை’, ‘இன்னாருக்கு மட்டும் உயர்த்தியது’ ஆகியவற்றில் ஒன்று வந்தே ஆக வேண்டும். இயல்களைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை தானாக இயல் வரிசைக்கே போய்விடும்.

உங்கள் தரவு எனக்குத் தெரியாது. விளக்குவதற்காக நானே சில எண்களைப் போட்டுக்கொள்கிறேன். 30 பேரிடம் பேட்டி எடுத்திருக்கிறீர்கள். அவர்களில் 10 பேர் பட்டுப்பாய் நெய்பவர்கள், 20 பேர் சாதாரணப் பாய் நெய்பவர்கள். 2013-இல் குறியீடு கிடைத்த பிறகு கூலி கூடியது என்றவர்கள் பட்டுப்பாய்க்காரர்களில் 8 பேர், மற்றவர்களில் 3 பேர். முந்தைய இயலில் விற்பனையைப் பற்றி எழுதும்போது, ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குபவர்கள் பட்டுப்பாயைத்தான் கேட்கிறார்கள் என்றும் கண்டிருக்கிறீர்கள். அப்படியானால் முடிவுரை இப்படித் தொடங்கலாம்:

"பேட்டி கண்டவர்களில் கூலி உயர்வு பெரும்பாலும் பட்டுப்பாய் நெய்பவர்களிடமே காணப்பட்டது, 10 பேரில் 8 பேர் அதைச் சொன்னார்கள். சாதாரணப் பாய் நெய்பவர்களில் 20-இல் 3 பேரே சொன்னார்கள். பெயர் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் பட்டுப்பாயோடு நின்றுவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். குறியீட்டுச் சட்டம் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காக்கிறது. கூலியை அது நிர்ணயிப்பதில்லை."

கூலி ஓர் இயலிலிருந்தும் விற்பனை இன்னோர் இயலிலிருந்தும் வந்து, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக நிற்பதைக் கவனியுங்கள். தனித்தனி இயல்களில் இருந்தவரை அவை வெறும் செய்திகள். கோரையை ஊற வைத்துக் கீறும் முறை பற்றி நீங்கள் ஓர் இயல் முழுக்க எழுதியிருக்கலாம். பதிலுக்கு அது தேவைப்படாவிட்டால் முடிவுரையில் ஒரு வரியும் வேண்டாம். உழைத்து எழுதியதை விட மனசு வராது, தெரியும். ஆனாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது எல்லை. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 2013-க்கு முந்தைய கூலிக் கணக்கு ஏதும் உங்களிடம் இல்லையென்றால், நெசவாளர்களின் நினைவை மட்டும் நம்பி நிற்கிறீர்கள். விலைவாசியோடு சேர்ந்து எல்லாத் தொழிலிலும் கூலி ஏறியிருக்கும். ஆகவே ‘குறியீட்டால் உயர்ந்தது’ என்று எழுத உங்கள் தரவு இடம் தராது. ‘குறியீட்டுக்குப் பிறகு உயர்ந்ததாகச் சொல்கிறார்கள்’ என்பதுவரைதான் தரும். அப்போது முடிவுரையை மட்டும் திருத்தினால் போதாது. முன்னுரைக்குத் திரும்பி, கேள்வியை ‘கூலி மாற்றத்தை நெசவாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?’ என்று தரவுக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா என்று நெறியாளரிடம் கேளுங்கள். தலைப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டதென்றால் கேள்வி அப்படியே இருக்கட்டும். எந்த அளவுக்குப் பதில் கிடைத்தது, எது கிடைக்கவில்லை, ஏன் என்று முடிவுரையிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். அரைகுறைப் பதில் குற்றமில்லை. தரவைத் தாண்டிய பதில்தான் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ளும்.

பல்கலைக்கழக விதி இயல் தொகுப்புரையைக் கட்டாயம் கேட்டால், அதைத் தனித் தலைப்பில் அரைப் பக்கத்துக்குள் முடித்து, பதிலை அதற்கு முன்னால் வையுங்கள்.

பரிந்துரைகளும் பதிலிலிருந்தே பிறக்க வேண்டும். ‘அரசு கைத்தொழிலுக்கு உதவ வேண்டும்’ என்பது எந்த ஆய்வேட்டிலும் ஒட்டும். குறியீட்டின் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்கு, அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் 30 பேரில் எத்தனை பேர் அப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், அந்த எண்ணிலிருந்து ஒரு பரிந்துரை எழுதலாம். கேட்கவில்லையென்றால் அந்தப் பரிந்துரையை எழுத வேண்டாம்.